ஏறிய நாளில் ஏன் சிவப்பு?

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தலின் கருத்துக்கணிப்புகள் சனிக்கிழமை மாலையே வெளிவந்துவிட்டன. ஆளும் கூட்டணி பெரிய வெற்றி பெறும் என்று அவை சொன்னதால், திங்கட்கிழமை காலை பங்குச் சந்தை துள்ளிக் குதித்தது. அன்று மாலை நிஃப்டி முந்தைய நாளைவிட 733 புள்ளிகள் உயர்ந்து முடிந்தது. மூன்று சதவீதத்துக்கும் மேலான ஏற்றம். மறுநாள் நாளிதழ்களில் இதுதான் முதல் பக்கச் செய்தி.

ஆனால் அந்த நாளின் கேண்டில் வரைபடத்தைத் திறந்து பார்த்தால், ஜூன் 3-க்கு உரிய இடத்தில் நிற்பது சிவப்பு கேண்டில். 733 புள்ளிகள் ஏறிய நாளுக்குச் சிவப்பா? வரைபடத்தில் தவறு எதுவும் இல்லை. கேண்டிலின் நிறம் எதைச் சொல்கிறது என்பதைத்தான் நம்மில் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறோம். இந்த ஒரு குழப்பம் தீர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் பிடிபடும். அதற்கு அந்த வாரத்தின் மூன்று நாட்களே போதும்.

நான்கு விலைகள்

தினசரி வரைபடத்தில் ஒரு கேண்டில் என்பது ஒரு வர்த்தக நாள். அதற்குள் நான்கு விலைகள் மட்டுமே இருக்கின்றன. அன்று வர்த்தகம் தொடங்கிய விலை, முடிந்த விலை, இடையில் தொட்ட உச்ச விலை, இடையில் இறங்கிய அடிமட்ட விலை. கேண்டிலின் மேல் விரலை வைத்தால் திரையின் மூலையில் O, H, L, C என்ற எழுத்துகளோடு நான்கு எண்கள் வரும். வரிசையாகத் தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு.

தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் இடைப்பட்ட பகுதியைத் தடித்த கட்டமாக வரைகிறார்கள். இதை ‘பாடி’ என்கிறார்கள். கட்டத்துக்கு மேலே உச்ச விலை வரைக்கும் கீழே தாழ்ந்த விலை வரைக்கும் நீளும் மெல்லிய கோடுகள் ‘விக்’. முடிவு விலை தொடக்க விலையைவிட மேலே இருந்தால் கட்டம் பச்சை, கீழே இருந்தால் சிவப்பு. அந்தக் காலக் கறுப்பு வெள்ளை வரைபடங்களில் வெள்ளைக் கட்டம் ஏற்றத்தையும் கறுப்புக் கட்டம் இறக்கத்தையும் குறித்தன.

இந்த வரைமுறை ஜப்பானில் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தையில் பெயர் பெற்ற ஹொன்மா முனெஹிசா என்ற வணிகரோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். இன்று நாம் காணும் வடிவம் அதற்குப் பிறகு படிப்படியாக உருவாகியிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஸ்டீவ் நிசன் 1991-இல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் மேற்கு நாடுகளின் சந்தைகளில் இது பரவலாகப் புழங்கத் தொடங்கியது.

முதல் நாள்: நிறம் நேற்றைப் பற்றியதல்ல

இப்போது ஜூன் 3-க்கு வருவோம். தசமங்களை விட்டுவிட்டு எண்களைப் பார்க்கலாம். அதற்கு முந்தைய வர்த்தக நாளான மே 31 வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,530-இல் முடிந்திருந்தது. திங்கட்கிழமை தொடக்கம் 23,337. உச்சம் 23,338. தாழ்வு 23,062. முடிவு 23,263.

தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் ஒப்பிடுங்கள். 23,337-இல் தொடங்கி 23,263-இல் முடிந்திருக்கிறது. 74 புள்ளிகள் இறக்கம். அதனால்தான் கட்டம் சிவப்பு. அப்படியானால் 733 புள்ளி ஏற்றம் எங்கே போனது? அது கேண்டிலுக்கு வெளியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை முடிவுக்கும் திங்கட்கிழமை தொடக்கத்துக்கும் நடுவில் 807 புள்ளி வெற்றிடம் இருக்கிறது பாருங்கள், அதற்குள். இதைத்தான் ‘கேப் அப்’ என்கிறார்கள்.

இந்தத் தாவல் எப்படி நேர்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நம் சந்தைகளில் காலை 9.15-க்கு வழக்கமான வர்த்தகம் தொடங்குகிறது. அதற்கு முன் 9 மணியிலிருந்து சில நிமிடங்கள் வாங்குவோரும் விற்போரும் தங்கள் விலைகளைப் பதிவு செய்கிறார்கள். அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, எந்த விலையில் அதிக எண்ணிக்கையிலான பங்குகள் கைமாற முடியுமோ அதைத் தொடக்க விலையாகச் சந்தை நிர்ணயிக்கிறது. விடுமுறை நாளில் வந்த செய்தியின் தாக்கமெல்லாம் இந்தச் சில நிமிடங்களிலேயே விலையில் ஏறிவிடும். ஜூன் 3 அன்று கருத்துக்கணிப்பு தந்த உற்சாகம் முழுவதும் தொடக்க விலையிலேயே தீர்ந்துவிட்டது. 9.15-க்குப் பிறகு வாங்கியவர்களில் பலருக்கு அன்று மாலை கையில் இருந்தது நட்டம்தான். சிவப்புக் கட்டம் சொல்வது அவர்களுடைய கதையை.

ஆகவே நிறம் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. காலையில் தொடங்கிய விலையைவிட மாலையில் விலை மேலே போனதா, கீழே வந்ததா? நேற்றைவிட இன்று ஏறியதா என்று அறிய, நேற்றைய முடிவையும் இன்றைய முடிவையும் தனியாக ஒப்பிட வேண்டும். சில வரைபடச் செயலிகளின் அமைப்பில் `Color bars based on previous close` என்றொரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் நிறம் நேற்றைய முடிவை வைத்து மாறிவிடும். உங்கள் திரையில் எது இயங்குகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே பங்கை இரண்டு செயலிகளில் பார்த்து, ஒன்றில் பச்சையும் இன்னொன்றில் சிவப்புமாகக் கண்டு குழம்ப நேரிடும்.

இரண்டாம் நாள்: கட்டமும் கோடும்

ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை. பாரதிய ஜனதா கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்காது என்பது எண்ணிக்கை போகப் போகத் தெளிவானது. அன்றைய தொடக்கம் 23,179. உச்சமும் அதே 23,179. தாழ்வு 21,281. முடிவு 21,884.

உச்சமும் தொடக்கமும் ஒன்றாக இருப்பதால் இந்தக் கேண்டிலுக்கு மேல் விக் இல்லை. சந்தை திறந்த அந்த விலைக்கு மேல் நாள் முழுவதும் ஒருமுறைகூடப் போகவில்லை என்று அர்த்தம். பாடி 1,295 புள்ளி நீளம். வரைபடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் படும் நெடிய சிவப்புக் கட்டம். அதற்குக் கீழே 603 புள்ளி நீளத்துக்கு ஒரு விக்.

இந்தக் கீழ் விக்கை நிதானமாகப் பாருங்கள். அன்று மொத்தமாக நிஃப்டி 1,898 புள்ளிகள் அலைந்தது. அதில் 603 புள்ளிகளை, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, அடிமட்டத்திலிருந்து மீட்டுக்கொண்டு முடிந்திருக்கிறது. அந்த ஆழத்தில் வாங்குவதற்கு ஆட்கள் வந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. பெரிய சரிவு நடந்தது என்பதைக் கட்டமும், சரிவின் கடைசி விலையில் சந்தை நிலைக்கவில்லை என்பதைக் கோடும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அன்றைய நாள் முழுமையாகக் கிடைக்கும்.

இதில் அனுபவமில்லாதவர்கள் சறுக்கும் ஓர் இடம் உண்டு. தாழ்வு நேர்ந்தது நண்பகலையொட்டி. அந்த நேரத்தில் வரைபடத்தைப் பார்த்தவருக்குக் கீழ் விக்கே தெரிந்திருக்காது. திரையில் இருந்தது அடி வரைக்கும் நிறைந்த முழுச் சிவப்புக் கட்டம். அந்தக் கோடு மதியத்துக்குப் பிறகு விலை மீண்டதால் உருவானது. தினசரி கேண்டிலின் வடிவம் மாலை 3.30 மணிக்குச் சந்தை முடிந்த பிறகுதான் உறுதியாகும். அதற்கு முன் அதற்குப் பெயர் வைத்து முடிவெடுப்பது, நாள் முடியும் முன்பே நாளைப் பற்றித் தீர்ப்பு சொல்வதாகிவிடும்.

மூன்றாம் நாள்: எல்லைக்குள் ஒரு நாள்

ஜூன் 5. கூட்டணி ஆட்சி நிலைக்கும் என்ற நம்பிக்கை திரும்பியது. தொடக்கம் 22,128, உச்சம் 22,670, தாழ்வு 21,791, முடிவு 22,620. முந்தைய நாள் முடிவைவிட 244 புள்ளி மேலே தொடங்கி, காலையிலேயே 337 புள்ளி சறுக்கி, அதன்பின் ஏறி, உச்சத்துக்கு 50 புள்ளி குறைவாக முடிந்தது. பச்சைக் கட்டம், கீழே நீண்ட விக், மேலே சிறு விக்.

இந்த நாளில் கவனிக்க வேண்டியது வேறொன்று. இதன் உச்சமும் தாழ்வும் முந்தைய நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலேயே அடங்கிவிட்டன. ஜூன் 4-இன் அடிமட்டமான 21,281-க்குச் சந்தை திரும்பவே இல்லை. கேண்டிலைத் தனியாகப் பார்ப்பதைவிடப் பக்கத்து நாளோடு வைத்துப் பார்ப்பதில் கிடைக்கும் தகவல் இது. வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று நிஃப்டி 23,290-இல் முடிந்து, அந்த வாரத்தின் சரிவு முழுவதையும் ஈடுகட்டிவிட்டது.

கேண்டில் சொல்லாமல் விடுவது

நான்கு விலைகள் தெரிந்தாலும், அவை எந்த வரிசையில் நிகழ்ந்தன என்பது கேண்டிலில் இல்லை. உச்சம் முதலில் வந்ததா, தாழ்வு முதலில் வந்ததா? ஜூன் 5-இல் சறுக்கல் காலையில் நடந்தது என்று மேலே சொன்னேன். அது தினசரி கேண்டிலிலிருந்து கிடைத்த தகவல் அல்ல. 15 நிமிட வரைபடத்தைத் திறந்தால்தான் அது தெரியும்.

இது சின்ன விஷயமல்ல. ஒரு பங்கு 100 ரூபாயில் தொடங்கி, 110 வரை ஏறி, 90 வரை இறங்கி, 105-இல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். காலையில் 100 ரூபாய்க்கு வாங்கிய ஒருவர், 108 வந்தால் லாபத்தோடு விற்கவும், 95-க்கு இறங்கினால் நட்டத்தை ஏற்று வெளியேறவும் ஆணை போட்டு வைத்திருக்கிறார். பங்கு முதலில் 110-க்குப் போய்ப் பிறகு 90-க்கு இறங்கியிருந்தால் அவருக்குப் பங்குக்கு 8 ரூபாய் லாபம். முதலில் 90-க்கு இறங்கிப் பிறகு ஏறியிருந்தால் 95-லேயே விற்கப்பட்டு 5 ரூபாய் நட்டம். இரண்டு நாட்களுக்கும் கேண்டில் ஒன்றேதான். பழைய தினசரி வரைபடங்களை வைத்து, ‘இந்த முறையில் வாங்கியிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்கும்’ என்று கணக்குக் காட்டுகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இரு விலையும் தொட்ட நாட்களில் எது முதலில் வந்ததாக எடுத்துக்கொண்டார்கள்? பெரும்பாலும் லாபத்தையே முதலில் வைத்திருப்பார்கள்.

முடிவு விலையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் சந்தைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் முறைப்படி, ஒரு பங்கின் முடிவு விலை என்பது கடைசியாக நடந்த ஒற்றை வர்த்தகத்தின் விலையல்ல. 3 மணி முதல் 3.30 வரை கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையையும் விலையையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. கடைசி அரை மணியில் 40,000 பங்குகள் 500 ரூபாய்க்கும், 10,000 பங்குகள் 505 ரூபாய்க்கும் விற்றன என்று கொள்வோம். மொத்தத் தொகை 2 கோடியே 50 லட்சத்து 50 ஆயிரம். அதை 50,000 பங்குகளால் வகுத்தால் 501 ரூபாய். கடைசி வர்த்தகம் 505-இல் நடந்திருந்தாலும் முடிவு விலை 501 என்றே பதிவாகும். 3.30 மணிக்குத் திரையில் ஒரு விலையும் இரவில் வேறொரு விலையும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கடைசி நொடியில் ஒருவர் சில பங்குகளை அதிக விலைக்கு வாங்கி அன்றைய முடிவை மாற்றிவிடாமல் தடுக்கவும் இந்தச் சராசரி உதவுகிறது.

பொய்ச் சரிவும் பெருத்த கட்டமும்

2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் பங்கு சுமார் 2,650 ரூபாயிலிருந்து 1,340-க்குப் பக்கத்தில் வந்து தொடங்கியது. யாருடைய பணமும் பாதியாகிவிடவில்லை. ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸ் தந்திருந்தார்கள். விலை பாதியானது, கையிலிருந்த பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானது. பெரும்பாலான வரைபடச் செயலிகள் பழைய விலைகளையும் பாதியாக்கிச் சரிசெய்து காட்டும். அந்தச் சரிசெய்தல் நடக்காத வரைபடத்தில் பாதாளம் போன்ற ஓர் இடைவெளி தெரியும். திடீரென்று பாதியாகவோ ஐந்தில் ஒன்றாகவோ விலை இறங்கித் தெரிந்தால், பதறுவதற்கு முன் அன்று போனஸோ பங்குப் பிரிப்போ இருந்ததா என்று சந்தையின் அறிவிப்பில் பாருங்கள்.

இன்னொன்று, திரையின் அளவு. செயலிகள் கண்ணுக்குத் தெரியும் கேண்டில்களை வைத்துத் திரையை நிரப்பிக்கொள்கின்றன. அரை சதவீதம்கூட அசையாத அமைதியான வாரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் கட்டங்களும் ஜூன் 4-இன் கட்டத்தைப் போலவே பிரம்மாண்டமாகத் தெரியும். நீளத்தைக் கண்ணால் அளக்காமல் எண்ணைச் சதவீதமாக்கிப் பாருங்கள். ஜூன் 3-இன் கட்டம் 0.3 சதவீதம். ஜூன் 4-இன் கட்டம் 5.6 சதவீதம்.

பெயர்கள் தீர்க்கதரிசனம் அல்ல

ஜூன் 3-இன் கேண்டிலை மறுபடியும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிறிய கட்டம், மேலே கோடு இல்லை என்றே சொல்லலாம், கீழே கட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் நீண்ட விக். நல்ல ஏற்றத்துக்குப் பிறகு இப்படி ஒரு கேண்டில் வந்தால் அதற்கு ‘ஹேங்கிங் மேன்’ என்று பெயர், இறக்கம் வரப்போவதற்கான எச்சரிக்கை அது என்று பாடம் நடத்துகிறார்கள். மறுநாளே சந்தை கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. பார்த்தீர்களா, கேண்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று இதைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சந்தை விழுந்ததற்குக் காரணம் வாக்குப் பெட்டியில் இருந்தது. கருத்துக்கணிப்பு சொன்னது போலவே முடிவு வந்திருந்தால், அதே கேண்டிலுக்குப் பிறகு சந்தை ஏறியிருக்கக் கூடும். அந்த வடிவத்தால் வாக்கு எண்ணிக்கையை அறிந்திருக்க முடியாது. அது சொன்னது, அன்று பகலில் விற்பவர்கள் விலையைக் கீழே இழுத்தார்கள், மாலைக்குள் வாங்குபவர்கள் பெரும்பகுதியை மீட்டார்கள், ஆனால் தொடங்கிய விலையை எட்ட முடியவில்லை என்பது மட்டும்.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு பங்கின் இரண்டு ஆண்டு தினசரி வரைபடத்தைத் திறந்து, ஏற்றத்துக்குப் பிறகு இதே வடிவம் வந்த நாட்களையெல்லாம் ஒரு தாளில் குறியுங்கள். அடுத்த ஐந்து நாட்களில் விலை என்ன ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள். முக்கியமான நிபந்தனை ஒன்று: அடுத்து வந்த கேண்டில்களைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு வடிவங்களை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். விளைவைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுத்தால் பலித்தவை மட்டும் கண்ணில் படும், பலிக்காதவை நழுவிப் போகும். புத்தகங்களிலும் காணொளிகளிலும் வடிவங்கள் அத்தனை கச்சிதமாகப் பலிப்பதற்கு இந்தத் தேர்வே பெரும்பாலும் காரணம்.

2022-23 நிதியாண்டில், அன்றே வாங்கி அன்றே விற்கும் தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டமடைந்ததாகச் செபியின் ஆய்வு காட்டியது. அவர்களுடைய திரைகளிலும் இதே கேண்டில்கள்தான் இருந்திருக்கும். வடிவங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் கிடைக்கும் தைரியம் ஆபத்தானது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆகவே ஒரு கேண்டிலைப் பார்த்ததும் பெயரைத் தேடாதீர்கள். நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். நேற்றைய முடிவுக்கும் இன்றைய தொடக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி, அதற்குக் காரணமான செய்தி என்ன? தொடக்கத்திலிருந்து முடிவு எத்தனை சதவீதம் எந்தப் பக்கம் நகர்ந்தது? மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய், எவ்வளவு திரும்பியது? நேற்றைய உச்சத்தையோ தாழ்வையோ இன்று கடந்ததா? இவற்றுக்கு விடை எழுதிவிட்டால், அன்று சந்தையில் என்ன நடந்தது என்பது உங்கள் கையில் இருக்கும். நாளை என்ன நடக்கும் என்பதற்கு நிறுவனத்தின் கணக்கையும் நாட்டு நடப்பையும் தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைக் கேண்டில் உங்களுக்காகச் செய்து தராது.